விரியாத பிறை

பொறாமை என்றா சொல்கிறார்கள்? சொல்லட்டும். மாடிப்படியில் நின்று பேசுகிறவர்களுக்குக் கால்தான் வலிக்கும், வாய் வலிக்காது. சின்னப் பெண்ணின் படத்தைப் பார்த்துப் பரதம் சொல்லித்தரும் சைகை டீச்சருக்கு வயிறு எரிந்ததாம். அதனால்தான் இத்தனை வருஷம் குடித்தனம் செய்த மனுஷனை விட்டுவிட்டுக் கிளம்பினாளாம். இன்னொரு கட்சி, டீச்சரின் வீட்டுக்காரரான தாளக்காரருக்கும் அந்தப் பெண்ணுக்கும் நடுவில் ஏதோ இருக்கிறது என்று கண்ணைச் சிமிட்டுகிறது. இரண்டும் பொய். அந்தப் பெண்ணின் முகத்தை டீச்சர் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. பார்த்தது கையை. கையிலும் ஒரே ஒரு கட்டைவிரலை.

"ஒரு விரலுக்காக யாராவது வீட்டை விட்டுப் போவாங்களா? எனக்குக்கூடத்தான் பத்து இருக்கு, நான் என்ன ஊரை விட்டா போயிட்டேன்?" என்று கீழ்வீட்டுக்காரி கேட்கிறாள்.

போவார்கள். யாருடைய விரல் என்று தெரிந்திருந்தால் கீழ்வீட்டுக்காரியும் போயிருப்பாள்.

சைகை டீச்சரின் அம்மா தையல்காரி. ஜன்னலோரம் ஒரு மிஷின், அதன் மேல் எப்போதும் யாருடைய ரவிக்கையோ பாதி தைத்தபடி கிடக்கும். டீச்சர் சிறு பெண்ணாக இருந்தபோது அம்மா மிஷினின் தலையைப் பின்னால் சாய்த்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். மிஷினுக்கடியில் உருண்டோடிய நூல் பாபினை எடுக்க இவள் கையை நுழைத்தாள். மிஷினின் தலை நழுவி இடது கட்டைவிரல் மேல் விழுந்தது. எலும்பு சேர்ந்தது, ஆனால் கோணலாகச் சேர்ந்தது. அன்றிலிருந்து அந்த விரல் உள்ளே மடங்கும், மேலே நிமிரும், பக்கவாட்டில் மட்டும் விரியாது. அம்மா சாகும்வரை அந்த விரலைப் பிடித்துப் பிடித்துத் தடவிக்கொண்டிருந்தாள்.

பரதம் படிக்கிறவளுக்கு விரல் விரியாவிட்டால் என்ன கஷ்டம் என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கதை பிடிபடாது. நான்கு விரல்களையும் சேர்த்து நீட்டிக் கட்டைவிரலை மடக்கி ஒட்ட வைத்தால் அது பதாகம். கொடிக் கை என்று டீச்சர் சொல்வாள். அதே கையில் கட்டைவிரலை மட்டும் வெளியே விரித்துவிட்டால் அர்த்தசந்திரன், பிறைக் கை. இரண்டுக்கும் வித்தியாசம் அந்த ஒரு விரல்தான். ஆனால் பொருளோ எங்கேயோ எங்கேயோ. கொடிக் கைக்கு மேகம், காடு, தடுத்தல், ஆசீர்வாதம் என்று ஆயிரம் வேலை. பிறைக் கைக்கு நிலா, தியானம், இடுப்பு. எல்லாவற்றுக்கும் மேலாக, 'அம்மா' என்று காட்ட அந்தக் கை வேண்டும். இடது கையில் பிறை. வலது கையில் ஸந்தம்சம், அதாவது ஐந்து விரல் நுனிகளும் கூடிக் கூடிப் பிரிவது. பிறகு இடது கை திரும்பி வயிற்றின் மேல் வந்து அமர வேண்டும். சுமந்தவள், பெற்றவள் என்று அர்த்தம். அவள் படித்த முறையில் அப்படி.

உலகத்தில் எத்தனையோ பேரைக் காட்டலாம், கணவன், மாமியார், சக்களத்தி எல்லோரும் சைகை டீச்சரின் கையில் அழகாக வருவார்கள். அம்மா மட்டும் வரமாட்டாள். பிறை விரியாமல் கொடியாகவே நிற்கும். அதனால் அவள் மேடையில் அம்மா வருகிற பாட்டையே ஆடியதில்லை. அடவும் பாடமும் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளினாள். முழங்கால் தேய்ந்தது, இடுப்பு கனத்தது, ஆசை மட்டும் மெலியவில்லை.

கடைசிக் காலத்தில் அம்மாவுக்குக் கண் போயிற்று. அப்போதும் ஊசியைக் கீழே வைக்கவில்லை. முகத்தை நேரே ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு, இடது கையில் ஊசி, வலது கையில் நூல், விரலே கண்ணாகக் கோத்துவிடுவாள். சில நாள் கோக்காது. கோக்காதபோது சிரிப்பாள்.

அம்மா போன பிறகு டீச்சர் அதை ஆட்டமாகக் கட்ட ஆரம்பித்தாள். வகுப்பு முடிந்ததும் மாடி அறையில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு. பார்த்தது ஒரே ஆள், அவள் வீட்டுக்காரர். நட்டுவாங்கம் செய்கிறவர், கையில் தாளக்கட்டையோ ஜால்ராவோ இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அதனால்தான் தாளக்காரர். தாளம் சரிபார்க்க வேண்டும் என்று செல்போனை அலமாரியில் சாய்த்து வைத்துப் படம் பிடிப்பார். அவர் பார்வை அவள் காலில் இருக்கும். கை அவருக்குப் பாட்டின் ஓரத்தில் ஓடுகிற சங்கதி.

"என்ன, அம்மாவை எப்பதான் முடிக்கப் போறே? ஊசியில நூலு கோக்கறதுக்கு வருஷக்கணக்கா?" என்று கேட்பார்.

"முடிவு வரலைங்க. நூல் கோத்ததும் கைகூப்பி நின்னா நல்லாவா இருக்கும்? அம்மா எதுக்கும் கைகூப்பினவ இல்ல."

"வரட்டும், வரட்டும். நான் எங்க போயிடப் போறேன்?"

அந்த வார்த்தையை அவள் நம்பினாள். அவளுக்கு வேறு யாரிடமும் இதைச் சொல்லத் தோன்றவில்லை. முடிவு வந்ததும் ஒரே ஒரு தடவை, முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டாவது, அந்த விரியாத பிறையோடு மேடையேறி அம்மாவைக் காட்டிவிட்டு இறங்கிவிட வேண்டும். ஆசை அவ்வளவுதான். சேலைகூட எடுத்து வைத்திருந்தாள், அம்மா கடைசியாக ஓரம் அடித்தது.

இனி படத்துக்கு வருவோம்.

மாலை வகுப்புக்கு வேலைக்குப் போகிற பெண்கள் வருவார்கள். ஒருத்தி மருந்துக்கடைக்காரி, ஒருத்தி பல் டாக்டர், இன்னும் சிலர். மூச்சு வாங்கும்போது டீச்சர் அவர்களுக்குப் படம் படிக்கச் சொல்லித் தருவாள். நடனப் படம் எதையாவது காட்டி, கை என்ன சொல்கிறது என்று கேட்பாள். அது அவர்களுக்குப் பெரிய விளையாட்டு. அன்று மருந்துக்கடைக்காரி ஒரு விளம்பரத் தாளைச் சுருட்டி எடுத்து வந்தாள். பெரிய நடனப் பள்ளி ஒன்றின் நிகழ்ச்சி. வாரத்தில் சில நாள் தாளக்காரர் தாளம் போடப் போகிற பள்ளிதான். நடுவில் ஒரு பெரிய படம், கீழே இரண்டு சின்னப் படங்கள், எல்லாவற்றிலும் அதே இளம்பெண்.

"டீச்சர், இன்னைக்கு நான்தான் முதல்ல," என்றாள் பல் டாக்டர். "பெரிய படத்துல மாலை கட்டுறா. பேரே போட்டிருக்கே, பூத்தொடுக்கும் பாவைன்னு."

"எழுத்தைப் படிக்காதேடி, கையைப் படி. மாலைன்னா கடகாமுகம் வேணும். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், மூணும் சேரணும். மத்த ரெண்டும் தூக்கி நிக்கணும். இதுல எத்தனை விரல் சேர்ந்திருக்கு?"

"ரெண்டு."

"அப்ப?"

"ஹம்ஸாஸ்யம்," என்றாள் மருந்துக்கடைக்காரி. "அன்னத்தோட மூக்கு. கட்டைவிரலும் ஆள்காட்டியும் நுனி தொட்டு, மத்த மூணும் விரிஞ்சு. முத்து, பொட்டு வைக்கறது, கோடு இழுக்கறது... எல்லாம் சின்னச் சின்ன சாமான். ரெண்டு கையிலும் அதே. நூல் மாதிரி ஏதோ!"

"சபாஷ்," என்று டீச்சர் சொன்னாள். சொன்ன வாய் மூடவில்லை.

அந்தப் பெண் கையைப் பார்க்கவில்லை. கை போகிற இடத்துக்குக் கண் போக வேண்டும் என்பது முதல் வகுப்புப் பாடம். எந்த ஆசிரியரிடம் படித்தாலும் அதற்குத் திட்டு வாங்காமல் யாரும் தப்பியதில்லை. இந்தப் படத்தில் கை மார்புக்கு நேரே இருக்கிறது, கண் நேரே எங்கோ வெளிச்சத்தைப் பார்த்தபடி அசையாமல் நிற்கிறது. கண் தெரியாதவள் கோக்கிறாள்.

"படம் பிடிக்கிறவர் 'இங்க பாரும்மா'ன்னு கூப்பிட்டிருப்பார்," என்றாள் பல் டாக்டர். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் அதைப் பிடித்துக்கொண்டாள். ஆமாம், அப்படித்தான் இருக்கும். இருக்க வேண்டும்.

"கீழே முதல் படம் நான் சொல்றேன்," என்றாள் மருந்துக்கடைக்காரி. "வலது கை முகுளம். தாமரை மொட்டு. இடது கை பதாகம், வயித்து மேல. ம்... மொட்டுக்கும் வயித்துக்கும் என்ன சம்பந்தம்? பசிக்குது, பூவைத் தின்னுட்டா!"

மறுபடியும் சிரிப்பு. டீச்சர் தாளை வாங்கி ஜன்னலோரம் கொண்டுபோனாள்.

படத்தில் அசைவு தெரியாது. அதுதான் படம் படிப்பதில் உள்ள பெரிய சிக்கல். ஸந்தம்சம் என்பது விரல்கள் கூடிப் பிரிகிற கை. கூடிய நொடியில் படம் எடுத்தால் மொட்டு மாதிரிதான் விழும். அது மொட்டா, ஸந்தம்சமா என்பதை இன்னொரு கையைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இன்னொரு கை வயிற்றின் மேல் இருந்தது. அம்மா. ஆனால் பிறை இல்லை, கொடி.

படம் கண்ணாடிப் பிம்பம் போல இடம் வலம் மாறி அச்சாகியிருக்குமோ என்று பார்த்தாள். தலைச்சாமானில் சூரியன் வலப்பக்கம் இருக்க வேண்டும், சந்திரன் இடப்பக்கம். அப்படியே இருந்தன. மேலாக்கு இடது தோளில்தான் ஏறியிருந்தது. மாறவில்லை. அது இடது கைதான். விரல் அடிபட்ட பெண்ணோ என்று பெரிய படத்தை உற்றுப் பார்த்தாள். ஊசி பிடித்த இடது கையில் கட்டைவிரல் நன்றாக வெளியே வளைந்து, தந்தம் போல, எந்தக் குறையும் இல்லாமல் இருந்தது. விரிக்க முடிகிற விரல். விரிக்காமல் மடக்கி வைத்திருக்கிறாள்.

அப்படி மடக்கி அம்மாவைக் காட்டுகிறவள் உலகத்தில் ஒருத்திதான். அவள் ஒருநாளும் மேடையில் காட்டியதில்லை.

கடைசிப் படத்தில் இரண்டு உள்ளங்கைகளும் குழிந்து, சேர்ந்து, முன்னால் நீண்டிருந்தன. புஷ்பபுடம், பூவை ஏந்திக் கொடுக்கிற கை. முடிவு கிடைக்காத ஆட்டத்துக்கெல்லாம் ஒட்டுப் போடுகிற கை அது. கண் தெரியாத தையல்காரி, கடைசியில் யாருக்கோ பூப் போடுகிறாள்.

அதன் கீழே, 'நடன அமைப்பு' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் தாளக்காரரின் பெயர்.

"டீச்சர், சார் பேரு! சொல்லவே இல்லையே, ட்ரீட் எங்க?" என்று பல் டாக்டர் கத்தினாள்.

சைகை டீச்சர் தாளைச் சுருட்டினாள். "கத்தரிக் கை போடுங்க எல்லாரும்," என்றாள். குரல் கொஞ்சம்கூடப் பிசகவில்லை. "கர்த்தரீமுகம். மோதிரவிரலையும் சுண்டுவிரலையும் மடக்கிக் கட்டைவிரலால அழுத்து. ஆள்காட்டியும் நடுவிரலும் கத்தரிக்கோல் மாதிரி விரியட்டும். எதுக்கெல்லாம் இந்தக் கை? சொல்லு."

"மின்னல்... படர்ற கொடி... கடைக்கண்..." மருந்துக்கடைக்காரி யோசித்தாள். "புருஷன் பொண்டாட்டி பிரியறது. கொள்ளை அடிக்கறது."

"மறக்காம வெச்சுக்கோ," என்றாள் டீச்சர். வகுப்பு முடிந்தது.

வீட்டில் தாளக்காரர் சட்டையைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து காலுறையை உருவிக்கொண்டிருந்தார். டீச்சர் சண்டை போடவில்லை. அதுதான் அவளுக்கு இன்றுவரை எதிராகப் பேசப்படுகிறது. அழுதிருந்தால், தட்டை உடைத்திருந்தால், பெண்கள் அவள் கட்சி சேர்ந்திருப்பார்கள். அவள் விளம்பரத் தாளை மடியில் விரித்து, ஒரு சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"ஏங்க, இந்தப் பொண்ணுக்கு ரெண்டு கட்டைவிரலும் நல்லாத்தானே இருக்கு?"

"எந்தப் பொண்ணு?" என்றவர் தாளைப் பார்த்தார். காலுறை பாதியில் நின்றது. "ஓ. இதுவா. சொல்லணும்னுதான் இருந்தேன்..."

"அது கிடக்கட்டும். நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. அம்மாவைக் காட்டறா. ஏன் பிறையை விரிக்கல?"

"ஏன் விரிக்கணும்? அது அப்படித்தானே. நீயும் அப்படித்தானே செய்..."

நிறுத்திக்கொண்டார். நிறுத்தினதில் ஒன்றும் பாக்கியில்லை. செல்போனில் பிடித்ததை அந்தப் பெண்ணிடம் கொடுத்திருக்கிறார். அவள் நல்ல மாணவி, விரல் பிசகாமல் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறாள். டீச்சருக்கு வலித்தது அதுகூட இல்லை. இத்தனை வருஷம் ஒரே தட்டில் தண்ணீர் ஊற்றிக் கை கழுவிய மனுஷன். அந்த விரலை ஒரு தரம் பிடித்து, 'இது ஏன் இப்படி இருக்கு?' என்று கேட்டதில்லை. அடிபட்ட விரலை அவர் பாணி என்று நினைத்திருக்கிறார்.

"இது ஒடிஞ்ச விரல்," என்றாள். கையை நீட்டிக் காட்டினாள். "அம்மா மிஷின் விழுந்து ஒடிஞ்சது."

"அப்படியா? நீ சொல்லவே இல்லையே."

"ஒருநாள்கூட நீங்க பாக்கலையா?"

"பாரு, கோவப்படாதே." குரலைத் தணித்தார். மாணவர்களுக்குத் தாளம் தப்பினால் அதே குரலில்தான் பேசுவார். "உன்னால ஆட முடியாது. முழங்கால் போச்சு. அந்தப் பள்ளிக்காரங்க புதுசா ஒண்ணு வேணும்னு கேட்டாங்க. வீட்டுக்குள்ள கெடந்து மக்கறதுக்கு வெளிய வந்துச்சே, நம்ம உழைப்புதானே?"

"நம்ம உழைப்பா? பேரு ஒண்ணுதான் இருக்கு."

"நான் போட்டாத்தான் அங்க எடுபடும். உன்னை யாருக்குத் தெரியும் சொல்லு? பேருல என்ன இருக்கு, அம்மா உன் அம்மாதானே?"

"அவளைப் பூப் போட வெச்சிட்டீங்களே," என்றாள். "முடிவு வரலைன்னு உங்ககிட்டதானே சொன்னேன்."

"மேடைக்கு ஒரு முடிவு வேணுமில்ல? ஜனங்க கைதட்டணும்ல?"

கைதட்டத்தான் தட்டினார்கள். நிகழ்ச்சிக்கு டீச்சர் போகவில்லை. போன கீழ்வீட்டுக்காரி வந்து, "அய்யோ, கடைசியில பூப் போடுறா பாரு, எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு," என்றாள். மனசில் எதுவும் வைத்துச் சொல்லவில்லை. அவளுக்கென்ன தெரியும்? ஆனால் அந்த வார்த்தையோடு டீச்சருக்கு ஒன்று புரிந்துபோயிற்று. இனி அவளே மேடையேறி அந்த ஆட்டத்தை ஆடினாலும், தாளக்காரரின் ஆட்டத்தை வயசான பெண்டாட்டி பார்த்து ஆடுகிறாள் என்றுதான் சொல்வார்கள். அந்த மடங்கின விரலைப் பார்த்து, 'சின்னப் பெண்ணைக் காப்பியடிக்கிறாள்' என்பார்கள். அவளுடைய ஒடிந்த விரலே அவளுக்கு இரவலாகிவிட்டது.

கிளம்பின அன்று நல்ல வெளிச்சமான காலை. ஒரு பையில் நாலு சேலை, சலங்கை, அம்மா ஓரம் அடித்த அந்தச் சேலை. அம்மாவின் மிஷினை எடுக்கவில்லை, கனம். தாளக்காரர் ஹாலில் உட்கார்ந்து கட்டையைத் தட்டி ஏதோ ஜதியை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பையைப் பார்த்ததும் கை நின்றது.

"எங்க கிளம்பிட்டே?"

அவள் கதவை நோக்கி நடந்தாள்.

"நாலு பேரு என்ன நினைப்பாங்கன்னு யோசிச்சியா? வாயைத் திறந்து சொல்லேன், உன் மனசுல என்னதான் இருக்கு?"

அவள் கதவருகே பையைக் கீழே வைத்தாள். முகத்தை நேரே வெளிச்சத்துப் பக்கம் வைத்துக்கொண்டாள். இடது கையில் ஊசி, வலது கையில் நூல், இரண்டும் அன்னத்தின் மூக்கு. கண் அவற்றைப் பார்க்கவில்லை. நூல் நுழைந்தது. வலது கை அதை நீளமாக இழுத்தது, நெஞ்சு உயரத்திலிருந்து தோளுக்கு மேலே. இழுத்து முடிந்த இடத்தில் அந்த வலது கையின் விரல்கள் மாறின. மோதிரவிரலும் சுண்டுவிரலும் மடங்கின. ஆள்காட்டியும் நடுவிரலும் விரிந்து, ஒரு தரம் மூடின.

எந்தத் தையல்காரியும் கடைசியில் செய்கிற காரியம். இத்தனை வருஷம் வராத முடிவு, அன்று வாசலில் வந்தது. அலமாரியில் செல்போன் இல்லை.

தாளக்காரர் அவள் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், பழக்கதோஷம். பிறகு நிமிர்ந்து விரல்களைப் பார்த்தார்.

"என்ன, கத்தரிக்கோலா?" என்றார். "மிஷின் டிராயர்லதான் இருக்கும், பாரு."

அவள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.